மருந்து விளைவுப் படிவமும் நம் ஊர்ச் சொற்களும்

நோய் தீர்க்கக் கொடுத்த மருந்தே சில வேளைகளில் வேறொரு துன்பத்தை உண்டாக்குவதுண்டு. அதனை எழுதித் தெரிவிப்பதற்கென்று நம் நாட்டில் ஒரு படிவம் இருப்பதைக் கிராமாந்தரங்களில் பலர் அறியார். மருந்துகளின் பாதக விளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2010-ஆம் ஆண்டில் தொடங்கப் பெற்றது. 2011 முதல் காஜியாபாத் நகரிலுள்ள இந்தியன் பார்மகோபியா கமிஷன் அதன் தலைமை நிலையமாக இயங்கி வருகிறது. படிவம் இரு வகைப்படும். மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோர் எழுதுவது ஒன்று. நோயாளியோ அவரைச் சேர்ந்தவரோ எழுதுவது மற்றொன்று. பின்னது தமிழிலும் வெளியாகியுள்ளது.

தமிழில் எழுதிய படிவம் தமிழிலேயே நின்றுவிடுவதில்லை. மருத்துவக் கல்லூரிகளில் அமைந்துள்ள கண்காணிப்பு மையத்தில் அதனை ஆங்கிலத்தில் மாற்றிக் கணினியில் ஏற்றுகிறார்கள். அங்கிருந்து அது காஜியாபாத்துக்கும், பின்னர் சுவீடன் நாட்டில் உப்சாலா நகரிலுள்ள உலகச் சுகாதார நிறுவனத்தின் கூட்டு நிலையத்துக்கும் செல்கிறது. வழியில் நோயாளி சொன்ன ஒவ்வொரு துன்பத்துக்கும், உலகம் முழுவதும் வழங்கும் ஒரு சொற்பட்டியலிலிருந்து ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்து ஒட்டுகிறார்கள். ஒரு மருந்தோடு ஒரு சொல் எதிர்பார்த்ததைவிட அதிகத் தடவை சேர்ந்து வருமாயின், அங்கே ஐயம் பிறக்கிறது, ஆராய்ச்சி தொடங்குகிறது. ஆகவே, நம் ஊரில் ஒருவர் சொன்ன சொல் தெளிவற்றதாயின், அது தவறான பெட்டியில் போடப்பட்ட வாக்குச் சீட்டைப் போன்றதாகும். எண்ணிக்கையில் அது சேர வேண்டிய இடத்தில் சேராது.

இதற்கு எல்லாவற்றிலும் சிறந்த சான்று 'மயக்கம்' என்னும் நம் சொல்லே.

தலை சுற்றினாலும் மயக்கம் என்கிறோம். நினைவு தப்பிக் கீழே விழுந்தாலும் மயக்கம் என்கிறோம். கண் சொருகித் தூக்கம் தள்ளினாலும் சிலர் அதையே சொல்வர். அறுவைச் சிகிச்சைக்கு முன் கொடுப்பதும் மயக்க மருந்துதான். ஆனால் அந்த உலகப் பட்டியலில் இவை தனித்தனிச் சொற்கள். தலை கிறுகிறுத்தல் ஒன்று, சுற்றியுள்ள பொருள்களே சுழல்வதாகத் தோன்றுதல் வேறொன்று, நினைவு தப்பி வீழ்தல் வேறொன்று, தூக்கக் கிறக்கம் மற்றொன்று. அவற்றின் காரணங்களும் வேறு. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் தூக்கக் கிறக்கம் தருவது எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அதில் புதுமை இல்லை. இரத்த அழுத்த மாத்திரை உண்பவர் படுக்கையை விட்டுச் சட்டென எழும்போது கண் இருண்டு தடுமாறுவதும் தெரிந்ததே. ஆனால் அதே மாத்திரை உண்டவர் உட்கார்ந்திருக்கும்போதே நினைவிழந்து சாய்ந்தாரெனில் அது உடனே பார்க்க வேண்டிய செய்தி. மூன்றையும் 'மயக்கம்' என்று எழுதினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க, ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத மற்றொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்தில் ஆக்கச் செய்து, இரண்டு ஆங்கிலங்களையும் ஒப்பிடுவது நெடுநாள் வழக்கம். நல்ல வழக்கந்தான். எனினும் 'மயக்கம்' போன்ற சொல் அந்தச் சல்லடையில் தங்குவதில்லை. முதலாமவர் தலைசுற்றலை மனத்திற்கொண்டு மயக்கம் என எழுதுவார். இரண்டாமவரும் மயக்கத்தைத் தலைசுற்றல் என்றே திருப்புவார். தாளில் யாவும் பொருந்தும். படிவத்தை நிரப்பும் மூன்றாமவர் நினைவு தப்பிய நிகழ்ச்சியை அதில் எழுதும்போதுதான் ஓட்டை வெளிப்படும். ஆதலின் மொழிபெயர்த்த படிவத்தை அச்சுக்கு அனுப்புமுன் ஐந்தாறு பேரிடமாவது கொடுத்து, 'இக்கேள்வி என்ன கேட்கிறது என்று உங்கள் சொல்லில் சொல்லுங்கள்' எனக் கேட்டறிய வேண்டும். அவர்கள் படித்தவர்களாக மட்டும் இருத்தல் கூடாது. களையெடுப்பவரும், மாடு மேய்ப்பவரும், மருந்துக் கடையில் நிற்கும் பையனும் அதில் இருக்க வேண்டும்.

இனி ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்துக் கொண்டதே; ஆயினும் இதிலுள்ள ஒவ்வொன்றும் நடவுக் காலத்தில் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

ஐம்பத்தெட்டு வயதுள்ள ஒரு பெண்மணி. விவசாயக் கூலி வேலை செய்பவர். சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் மாத்திரையும், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் மாத்திரையும் உட்கொண்டு வருகிறார். அவர் பெயரில் வந்த படிவத்தில் இவ்வளவே இருக்கிறது: 'சர்க்கரை மாத்திரை சாப்பிட்டதும் மயக்கம் வந்தது. ஊசி போட்டதும் சரியாயிற்று. வேறு மருந்து எதுவும் இல்லை.'

இதனைப் பெற்ற மருத்துவர் என்ன செய்வார்? மயக்கம் என்பது எது என்று அவருக்குத் தெரியாது. 'சாப்பிட்டதும்' என்றால் ஐந்து நிமிடத்திலா, மூன்று மணி நேரத்திலா என்பதும் தெரியாது. இன்னும் ஒரு சிக்கல்: நாம் சோற்றையும் சாப்பிடுகிறோம், மாத்திரையையும் சாப்பிடுகிறோம். 'சாப்பிட்டுவிட்டுப் போனேன், மயக்கம் வந்தது' என்று ஒருவர் சொன்னால் எதைச் சாப்பிட்டார்? சர்க்கரை நோய் மருந்தில் இந்த வேறுபாடு உயிர் நாடி போன்றது. கிளிமிபிரைடு உடலில் இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. அதனைக் காலை உணவோடு சேர்த்து உட்கொள்ள வேண்டும். மாத்திரை உள்ளே சென்று உணவு செல்லாவிடில், இரத்தத்திலுள்ள சர்க்கரை தாழ்ந்து போகும்.

அதே பெண்மணியிடம் சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர் அமர்ந்து வேறு விதமாகக் கேட்டதாகக் கொள்வோம். முதலில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாள் சொன்னதை, சொன்ன சொற்களிலேயே எழுதிக் கொண்டார்: 'படபடன்னு வந்துச்சு, வேர்த்துக் கொட்டுச்சு, கண்ணைக் கட்டிக்கிட்டு வந்து அப்படியே வரப்புல சாஞ்சுட்டேன்.' அதன் பின்னரே கேள்விகள். காலையில் முதலில் வாயில் போட்டது என்ன? மாத்திரையும் பால் இல்லாக் காப்பியும், ஆறு மணிக்கு. சோறோ இட்லியோ எப்போது உண்டீர்கள்? அன்று பத்தரைக்கு வரும் கஞ்சிக்காகக் காத்திருந்தேன். சாய்ந்தது எப்போது? ஒன்பது மணி இருக்கும். பக்கத்திலிருந்தவர் கூப்பிட்டது காதில் விழுந்ததா? விழுந்தது, பதில் சொல்ல முடியவில்லை. எழுந்தது எப்படி? வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்திப் பார்த்து ஊசி போட்டார்கள். குத்திப் பார்த்த எண், நிலையத்துச் சீட்டில் 48 என இருக்கிறது. எழுபதுக்குக் கீழே போவதே தாழ்ந்த சர்க்கரை எனக் கொள்ளப்படும்.

கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. 'வேறு மருந்து உண்டா' என்று கேட்டபோது இல்லை என்றவர், 'பொடி, சூரணம், லேகியம், கஷாயம், கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை ஏதாவது உண்டா' என்றபோது, மூன்று வாரமாகச் சிறுகுறிஞ்சான் பொடி சேர்த்து வருவதாகச் சொன்னார். அவர் முதலில் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை மருந்து என்பது ஆஸ்பத்திரியில் கொடுப்பது. பொடி என்பது பொடி. சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கும் என்று கருதியே நம் மக்கள் அதனை உண்கிறார்கள். சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது அது தாழ்வை மிகுவிக்கக் கூடும் என்பதை மருத்துவர் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இப்போது அந்தப் படிவத்தைப் பெறுபவர் 'மயக்கம்' என்பதற்கு உரிய சொல்லைத் தேட வேண்டியதில்லை. இது இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தமை. எண் சான்று பகர்கிறது. அழுத்த மாத்திரையின் மேல் விழுந்திருக்கக் கூடிய வீண் பழியும் நீங்கிற்று. மாத்திரையை அறவே நிறுத்துவதா, உணவு நேரத்தை மாற்றுவதா, பொடியை விடுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்யவும் வழி பிறந்தது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை வீட்டுக்கு வரும்போது, அதனை உண்டபின் நேர்ந்ததைக் கேட்டெழுதவும் ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்பதை நாம் பயன்படுத்திக் கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. கேள்விகளை முந்திக் கேட்டால் விடைகளும் நாம் விரும்பியபடியே வரும். 'வேர்த்ததா அம்மா?' என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மரியாதைக்காகவே ஆமாம் என்பர். அதனாலேயே நோயாளியின் சொந்தச் சொற்களை முதலில் மேற்கோளிட்டு எழுதிக் கொள்ளவேண்டும் என்கிறோம். கொச்சையாக இருக்கிறதே என்று திருத்தலாகாது. 'கண்ணைக் கட்டிக்கிட்டு வந்துச்சு' என்பதை 'மயக்கமுற்றார்' எனத் திருத்தியவர், மொழியைச் சீர்செய்து செய்தியை அழித்தவராவார்.

காலத்தைக் குறிப்பதிலும் நம் வழக்கத்துக்கும் படிவத்துக்கும் பிணக்கு உண்டு. 'எட்டு நாள்' என்றால் நாம் ஒரு வாரத்தைக் குறிக்கிறோம். இரவு இரண்டு மணிக்கு நடந்ததை நேற்று ராத்திரி என்கிறோம். கடிகாரக் கணக்கில் அது இன்று. 'ஆடிப்பெருக்குக்கு மறுநாள்' என்பது நமக்கு மிகத் துல்லியமான தேதி. காஜியாபாத்தில் இருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. இதற்கு நோயாளியைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் சொன்ன நாளை அப்படியே எழுதிக் கொண்டு, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்து ஆங்கிலத் தேதியைப் பக்கத்தில் குறிப்பது எழுதுபவரின் வேலை. மாத்திரையை முதன் முதலாக உண்ட நாள், துன்பம் தொடங்கிய நாள், மாத்திரையை நிறுத்திய நாள், துன்பம் தணிந்த நாள் ஆகிய நான்கும் கிடைத்தால் போதும்; காரணத்தை எடை போடுபவர்கள் முதலில் தேடுவது இவற்றையே. நிறுத்தியபின் தணிந்ததா என்பது அதிலிருந்தே தெரியும்; மறுபடி உண்டபோது மறுபடி வந்ததா என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும். ஆனால் அதனைச் சோதித்துப் பார்க்க மறுபடி ஒரு மாத்திரை போடும்படி எவரும் எவரிடமும் சொல்லலாகாது.

நாள் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அண்மைக் காலச் செய்தி ஒன்று உண்டு. மெஃபெனமிக் அமிலம் என்பது வயிற்று வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் பரவலாக வழங்கும் மாத்திரை. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த படிவங்களை ஆராய்ந்து, 2023 நவம்பரில் காஜியாபாத் நிலையம் இம்மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அரிதாக இம்மருந்து உண்டவர்களிடம் தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டுதல், உள்ளுறுப்புப் பாதிப்பு ஆகியவை சேர்ந்து வரும் கொடிய ஒவ்வாமை காணப்படலாம் என்பதே அதன் சாரம். இது மாத்திரை உண்ட மறுகணம் வருவதன்று. இரண்டு முதல் எட்டு வாரங்கள் கழிந்தும் வரும். 'மருந்து சாப்பிட்டதும் என்ன ஆயிற்று?' என்று கேட்கும் படிவத்தில் இத்தகையது ஏறவே ஏறாது; ஒரு மாதத்துக்கு முன் போட்ட வலி மாத்திரையை அந்தக் கேள்வி நினைவூட்டாது. 'கடந்த இரண்டு மாதங்களில் வாயில் போட்ட மாத்திரைகள் எல்லாவற்றையும் சொல்லுங்கள்' என்று கேட்டால் ஏறும்.

மருந்தாளுநர்கள் எழுதும் படிவங்களில் குறை வேறு வகைப்பட்டது. நோயாளி சொற்பஞ்சத்தால் 'மயக்கம்' என்றால், மருந்தாளுநர் சொல்வளத்தால் 'அலர்ஜி' என்று முடித்துவிடுகிறார். அலர்ஜி என்பது முடிவு; கண்டது அன்று. கண்டது என்ன? அரிப்பா, தடிப்பா, கொப்புளமா? ஓரிடத்திலா, உடல் முழுதுமா? வாயிலும் கண்ணிலும் புண் உண்டா? உதடோ முகமோ வீங்கிற்றா, மூச்சுத் திணறிற்றா? தோலில் அரிப்போடு வந்து மறையும் தடிப்பும், வாயும் கண்ணும் புண்ணாகித் தோல் உரியும் நோயும் கடையில் ஒரே பெயரால் வழங்குகின்றன. முன்னது பெரும்பாலும் அடங்கும். பின்னது உயிரைக் கொண்டு போகும். கை, கால் என்பதிலும் கருத்து வேண்டும். நமக்குக் கால் என்றால் தொடை முதல் பாதம் வரை. கணுக்காலில் மட்டும் வீக்கம் என்றால் அம்லோடிபின் நினைவுக்கு வரும். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலித்தால் நினைவுக்கு வருவது வேறு.

மருந்தாளுநரிடம் மட்டும் கிடைக்கக்கூடிய செய்தியும் ஒன்று உண்டு. அதுதான் மாத்திரை அட்டையில் அச்சிட்ட பேட்ச் நம்பர். மருந்தே குற்றமா, அந்த ஒரு தயாரிப்பு மட்டும் கெட்டதா என்பதைப் பிரித்தறிய அதைவிட்டால் வழியில்லை. இதனைத் 'தொகுதி எண்' என்று தூய தமிழாக்கினால் நம் பஞ்சாயத்து உறுப்பினர்களே சட்டமன்றத் தொகுதியின் எண்ணை எழுதி வைப்பார்கள். மக்கள் வாயில் வழங்கும் சொல்லையே விட்டுவிடுவது உசிதம். அட்டையைக் கிழித்து இரண்டு மூன்று மாத்திரையாகக் கொடுக்கும் கடைகளில் பெயரும் எண்ணும் இருக்கும் முனை கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

படிவத்தில் மொழிபெயர்ப்பாளரை அதிகம் ஏமாற்றும் இடம் 'கடுமை' பற்றிய கேள்வி. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று துன்பத்தின் வேகத்தைச் சொல்வது. மற்றொன்று அதன் முடிவைச் சொல்வது. தமிழில் இரண்டையும் 'கடுமையான' என எழுதும் பழக்கம் படர்ந்திருக்கிறது. தாங்க முடியாத தலைவலி வேகத்தில் கடுமையானது. மாலையில் தீர்ந்துவிட்டால், படிவம் கேட்கும் பொருளில் அது அபாய நிகழ்ச்சி அன்று. கண் சிறிது மஞ்சளானது வலியே இல்லாதது; ஆனால் அதற்காக மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்றால் அது அபாய நிகழ்ச்சி. எனவே கடுமை என்னும் சொல்லையே இவ்விடத்தில் விட்டுவிட்டு, உள்ளதை உள்ளபடி கேட்பதே நேர்வழி என்று கருதுகிறோம். இறந்தாரா? உயிருக்கு ஆபத்து நேர்ந்ததா? மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததா, அல்லது முன்பே இருந்தவர் மேலும் தங்க நேர்ந்ததா? உடல் ஊனம் ஏற்பட்டதா? கருவிலிருந்த குழந்தைக்குப் பிறவிக் குறை உண்டாயிற்றா? கடைசியில் கேட்கப்படும் 'விளைவு' என்னும் கட்டமும் இத்தகையதே. 'பக்க விளைவு' என்று மேலே ஒரு தடவை எழுதியவர் கீழே 'விளைவு' என்று கண்டால் அதையே திரும்ப எழுதுவார். 'இப்போது எப்படி இருக்கிறது? தீர்ந்துவிட்டதா, குறைந்து வருகிறதா, அப்படியே இருக்கிறதா?' என்றால் குழப்பமில்லை.

இன்னொரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இப்படிவத்தை ஊரில் 'புகார்' என்று அழைத்தால் எவரும் எழுத முன்வரார். யார் மேல் புகார்? ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் மேலா, தெருமுனைக் கடைக்காரர் மேலா? நாளை அவர் முகத்தில் எப்படி விழிப்பது? மருந்தாளுநரும் தம் மேலேயே தாம் புகார் எழுதுவாரா? உண்மையில் படிவத்தை அனுப்புவது எவரையும் குற்றவாளியாக்குவதாகாது என்பது படிவத்திலேயே கூறப்பட்டுள்ளது. நோயாளியின் அடையாளமும் வெளியிடப்படுவதில்லை. பெயருக்குப் பதில் முதலெழுத்துகளே போதும். 'மருந்தினால் வந்தது' என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. 'மருந்து உண்டபின் வந்தது' என்பதே போதும். 'மருந்தால் ஏற்பட்ட தீங்கு' என்று தலைப்பிட்ட படிவம் ஐயமுள்ளவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 'மருந்து உட்கொண்ட பின் நேர்ந்தவை' என்று தலைப்பிட்டது அவரை உட்கார வைக்கிறது.

எழுதப் படிக்க இயலாதவர்கள், அல்லது எழுத அஞ்சுபவர்கள், 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியில் வேலை நாட்களில் அலுவல் நேரத்தில் சொல்லலாம். பேசுமுன் மாத்திரை அட்டையையும், மருத்துவச் சீட்டையும், காலண்டரையும் கையில் வைத்துக் கொள்வது நல்லது. அட்டை கிழிந்து போயிருந்தால் மீதியுள்ள மாத்திரையை எறிந்துவிடாமல், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஒரு காகிதத்தில் மடித்து, வாங்கிய கடையின் பெயரையும் நாளையும் மேலே எழுதி வைக்கவும்.